கடைசில அப்பா பேரு வர்றவங்கள எப்படிக் கூப்பிடறது? எகிப்து, ஐஸ்லாந்து, ரஷ்யா விருந்தாளிங்க வர்றாங்க

தேன்_தூத்துக்குடி | திங்கள், காலை 10:40

வணக்கம். நான் மீன்வளம் சொல்லித்தர்ற ஒரு கல்லூரில ஆபீஸ் வேல பாக்கறேன். வெளிநாட்டு விருந்தாளிங்க வந்தா லெட்டர் அடிக்கறது, ரூம் போடறது, பேட்ஜ், மேடையில படிக்கற அறிமுகக் குறிப்பு எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் நடந்தத சொல்லிட்டு கேள்விக்கு வர்றேன்.

எகிப்துல இருந்து ஒரு மேடம் வந்தாங்க, திலேப்பியா வளர்ப்புல பெரிய ஆளு. பாஸ்போர்ட்ல மோனா இப்ராஹிம் மஹ்மூத் ஹசன்னு இருந்துச்சு (இந்த இழையில எல்லா பேரையும் மாத்திட்டேன், பேரோட அமைப்பு மட்டும் அப்படியே). கடைசில இருக்கறது தானே சர்நேம்னு நெனச்சு டிரைவர் அண்ணன் கையில "டாக்டர் ஹசன்"னு கொட்ட எழுத்துல அட்டை எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன். அவரு ஒரு ஆம்பளைய எதிர்பாத்து நிக்கறாரு, அவங்க தன் பேரத் தேடிக்கிட்டே அந்த அட்டைய ரெண்டு தடவ தாண்டிப் போயிருக்காங்க, வெளிய உச்சி வெயிலு, 40 நிமிஷம் ஆயிடுச்சு ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிக்க. வந்தவங்க கோவப்படல. "ஹசன் எங்க கொள்ளுத்தாத்தா பேரு"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இந்த வருஷம் அவங்க மறுபடி வர்றாங்க. கூடவே ஐஸ்லாந்துல இருந்து சிக்ரூன் யோன்ஸ்டோட்டிர், அவங்க வீட்டுக்காரர் எய்னார் ஓலாஃப்சன், பொண்ணு காத்ரீன் எய்னார்ஸ்டோட்டிர். மூணு பேருக்கும் மூணு கடைசி பேரு, ஹோட்டல்ல "இவங்க ஒரே குடும்பம் தானா"ன்னு கேக்கறாங்க. அப்புறம் ரஷ்யாவுல முர்மன்ஸ்க்ல இருந்து ஒரு புரொபசரம்மா. பாஸ்போர்ட்ல இங்கிலீஷ்ல ரெண்டே சொல்லு தான், ஸ்மிர்னோவா, யெலேனா. ஆனா மெயிலுக்குக் கீழ ரஷ்ய எழுத்துல மூணு சொல்லு இருக்கு, Елена Дмитриевна Смирнова.

லெட்டர்ல, பேட்ஜ்ல, மேடையில, நேர்ல பாக்கும்போது, எந்தப் பேரச் சொல்லணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாலையில்_பத்து_வருஷம் | திங்கள், காலை 11:25

தங்கச்சி, நான் மஸ்கட்லயும் அப்புறம் ஜித்தாவுலயும் டாக்குமெண்ட் கண்ட்ரோலரா இருந்தவன், இந்தப் பேரு விஷயத்தோட தினமும் மல்லுக்கட்டினது தான் என் வேலையே. அரபு பக்கத்த நான் சொல்றேன்.

அவங்க பேருல முதல் சொல்லு மட்டும் தான் அவங்க பேரு. மோனா. இப்ராஹிம் அவங்க அப்பா, மஹ்மூத் தாத்தா, ஹசன் கொள்ளுத்தாத்தா. எகிப்துல நடுவுல எதுவும் போடாம சங்கிலி மாதிரி வரிசையா எழுதிட்டுப் போவாங்க. வளைகுடா பக்கம் போனா ஒவ்வொருத்தருக்கும் நடுவுல "பின்" வரும், அதாவது மகன், பொண்ணுன்னா "பின்த்", மகள். முகமது பின் சல்மான் பின் அப்துல் அஸீஸ்னு சவுதி இளவரசர் பேரு வருதே, சல்மானோட மகன், அப்துல் அஸீஸோட பேரன்னு நேரா அர்த்தம் சொல்லிட்டே போகலாம். எகிப்துக்காரங்க அந்தப் பின்ன முழுங்கிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அதனால தான் பொம்பளைப் புள்ளைக்கு ரெண்டாவது பேரு ஆம்பளப் பேரா இருக்கு, உங்க டிரைவர் ஏமாந்ததும் அதுல தான். கல்யாணம் ஆனாலும் பேரு மாறாது, அவங்க எப்பவும் இப்ராஹிமோட பொண்ணு தான்.

கூப்பிடறதுக்கு பட்டம் பிளஸ் முதல் பேரு. டாக்டர் மோனா. கெய்ரோக்காரங்க வாயில அது "தொக்தோரா மோனா". இது நெருக்கமோ உரிமையோ இல்ல, முழு மரியாதை. அங்க இஞ்சினியர் ஒருத்தர "பாஷ்முஹந்திஸ் அஹ்மத்"னு தான் கூப்பிடுவாங்க, அவரு அப்பா பேரச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க.

---

குமரேசன்_சேலம் | திங்கள், மதியம் 12:10

இதே பிரச்சனை தாங்க எனக்கும். என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கு, ஒரே பேரு தான். 2022 நவம்பர்ல இருந்து ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டுக்கு துபாய் விசிட் விசாவுல உள்ள விட மாட்டேங்கறாங்கன்னு ஏஜெண்ட் சொல்றாரு. அப்பா பேர சர்நேமா சேக்கறதுக்கு எத்தன நாள் ஆகும்? யாராவது சமீபத்துல பண்ணிருக்கீங்களா?

---

பாலையில்_பத்து_வருஷம் | திங்கள், மதியம் 12:32

குமரேசன் தம்பி, இந்தத் தங்கச்சி கேக்கறது வேற, வர்றவங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு. உங்க கேள்விக்குத் தனி இழை போடுங்க, பாஸ்போர்ட் மாத்தினவங்க இங்க நெறைய பேரு இருக்காங்க. ஆனா சுருக்கமா ஒண்ணு, ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரு அச்சாகியிருந்தா அத வச்சே விட்டாங்க எனக்குத் தெரிஞ்சு சிலர, பயணத்துக்கு முன்னாடி ஏர்லைன்ஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

---

மாதவன்_டிராவல்ஸ் | திங்கள், மதியம் 2:05

அரபுப் பேருக்கு இன்னொண்ணு சேத்துக்கோங்க. "அல்"னு வந்தா ராஜ குடும்பம்னு அர்த்தம், ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அப்புறம் "அப்துல்"னு ஆரம்பிச்சா மிஸ்டர் அப்துல்னு கூப்பிட்டா போதும், எங்க கஸ்டமர்ஸ் எல்லாரையும் நாங்க அப்படித்தான் கூப்பிடறோம். ஐஸ்லாந்து ஸ்வீடன் மாதிரி தாங்க, யோன்சன் ஆண்டர்சன்னு குடும்பப் பேரு, மிஸஸ் ஓலாஃப்சன்னு போட்டா கரெக்டா இருக்கும்.

---

பாலையில்_பத்து_வருஷம் | திங்கள், மதியம் 3:18

மாதவன் சார், ராஜ குடும்பம் விஷயத்துல நீங்க பாதி சரி. ரெண்டு வேற சொல்லு இருக்கு, இங்கிலீஷ்ல எழுதும்போது ரெண்டும் Al ஆயிடுது, அதனால வர்ற குழப்பம் இது. நம்ம எழுத்துல எழுதினா பளிச்சுனு தெரியும். குறில் "அல்", நெடில் "ஆல்". ஆல் சவூத், ஆல் நஹ்யான், ஆல் தானி, இதுல வர்றது நெடில், இன்னாரோட வம்சம்னு அர்த்தம், நீங்க சொல்ற அரச குடும்பங்க இதுல வரும். அல்-மஸ்ரி, அல்-பக்தாதி, இதுல வர்றது குறில், வெறும் சுட்டு மாதிரி, எகிப்துக்காரரு, பாக்தாத்காரருன்னு ஊரக் காட்டற பேரு. மீன் விக்கறவரு பேருலயும் வரும், மந்திரி பேருலயும் வரும்.

அப்துல் விஷயம் மட்டும் தயவுசெஞ்சு மாத்திக்கோங்க. அப்துல்னா "இன்னாரோட அடியான்". அப்துல் ரஹ்மான்னா ரஹ்மானோட, அதாவது கருணையாளனான இறைவனோட அடியான். வெறும் அப்துல்னு நிறுத்தினா "அடியான் அவர்களே"ன்னு பாதி வாக்கியத்துல விட்ட மாதிரி. பின்னாடி பாதிய மட்டும் எடுத்து ரஹ்மான்னு கூப்பிட்டா அது இறைவனோட பேரு, அதையும் சிலர் சங்கடமா நெனப்பாங்க. ரெண்டும் சேந்து தான் ஒரே பேரு, சேத்தே சொல்லணும்.

இதுக்கு உலகத்துக்கே தெரிஞ்ச உதாரணம் எகிப்து அதிபர் நாசர். அவரு பேரு கமால். அவங்க அப்பா பேரு அப்தெல் நாசர் ஹுசேன். ஆக நம்ம பத்திரிகைங்க வருஷக்கணக்கா "நாசர்"னு எழுதினது அவரு அப்பா பேருல பின்பாதிய. ஃபுட்பால்ல முகமது சாலாவும் அப்படியே, சாலாங்கறது அவரு அப்பா பேரு. சட்டை முதுகுல அப்பா பேரு, மைதானமே கத்தறது அப்பா பேரு. சதாம் உசேன்லயும் உசேன் அப்பா. சதாம்னு பேப்பர்ல போட்டப்ப மரியாதை இல்லாம எழுதறாங்கன்னு எங்க பெரியப்பா சண்ட போடுவாரு, உண்மையில அது தான் அவரு பேரே.

---

நூலக_வாசுகி | திங்கள், மாலை 5:50

ஐஸ்லாந்து பத்தி மாதவன் சார் சொன்னத அப்படியே விட்டுடாதீங்கம்மா, மிஸஸ் ஓலாஃப்சன்னு மட்டும் அடிச்சிடாதீங்க. ஓலாஃப்சன்னா ஓலாஃபுரோட மகன். ஒரு பொம்பளைய "மகன்"னு கூப்பிட்ட மாதிரி ஆகும், அதுவும் அவங்க மாமனாரோட மகன்னு.

நான் 26 வருஷம் லைப்ரரில கேட்டலாக் போட்டவ. ஐஸ்லாந்து எழுத்தாளர் புஸ்தகம் வந்தா முதல் பேருல தான் அகரவரிசையில சேக்கணும்னு எங்களுக்கு விதியே உண்டு, மத்த ஐரோப்பியப் பேருக்கெல்லாம் சர்நேம். நம்ம தமிழ்ப் பேரையும் சொந்தப் பேருல தான் போடுவோம், அதனால எனக்கு இது ரொம்ப இயல்பா வந்துச்சு. ரெய்க்யாவிக் டெலிபோன் டைரக்டரியும் முதல் பேரு வரிசை தான். ஒரே பேருல நூறு பேரு இருப்பாங்களேன்னு பக்கத்துலயே தொழிலையும் போட்டு வச்சிருந்தாங்க.

காரணம் என்னன்னா அங்க கடைசில வர்றது பேரே இல்ல, ஒரு விவரம். யோன்ஸ்டோட்டிர்னா யோனோட மகள். உங்க சிக்ரூன் குடும்பத்த எடுத்துக்கோங்க. அவங்க அப்பா யோன். வீட்டுக்காரரோட அப்பா ஓலாஃபுர். பொண்ணோட அப்பா எய்னார். மூணு பேருக்கும் மூணு அப்பா, அதனால மூணு கடைசி பேரு. நாளைக்கு ஒரு பையன் பொறந்தா அவன் எய்னார்சன், நாலாவது வந்துடும். ஹோட்டல்காரங்க கிட்ட இத அப்படியே சொல்லுங்க, காத்ரீன் பேருக்குள்ளயே அப்பா எய்னார் இருக்காருன்னு விரல் வச்சுக் காட்டுங்க.

புதுசா குடும்பப் பேரு வச்சுக்கறத 1925லயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே வச்சிருந்த சில குடும்பத்துக்கு மட்டும் அது தொடருது, ஃபுட்பால்காரர் எய்துர் குட்யோன்சென் பேரு அப்படி வந்தது தான். அம்மா பேர வச்சுக்கறதும் சட்டப்படி உண்டு, இன்னொரு ஃபுட்பால்காரர் ஹெய்தார் ஹெல்குசன், ஹெல்கா அவங்க அம்மா. 2019ல ஆண் பெண்னு ரெண்டுலயும் பதியாதவங்களுக்கு "பூர்"னு ஒரு முடிவும் சேத்தாங்க, சன்னும் இல்லாம டோட்டிரும் இல்லாம.

கூப்பிடறது சிக்ரூன். அவ்வளவு தான். மிஸஸ் இல்ல, மேடம் இல்ல. 1980ல விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் ஜனாதிபதியா ஜெயிச்சாங்களே, மக்கள் ஓட்டுப் போட்டு வந்த உலகத்தோட முதல் பெண் ஜனாதிபதி, அவங்கள நாடு முழுக்க விக்டிஸ்னு தான் கூப்பிட்டாங்க. இப்ப இருக்கற ஜனாதிபதி ஹல்லா டோமஸ்டோட்டிரும் ஹல்லா தான்.

---

தேன்_தூத்துக்குடி | திங்கள், மாலை 6:30

வாசுகி அம்மா, ரொம்ப நன்றி. ஹெல்கா எப்படி ஹெல்கு ஆச்சு? நான் பேட்ஜ்ல ஏதாவது எழுத்த விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு.

---

நூலக_வாசுகி | திங்கள், இரவு 8:15

நம்ம "மரம்" "மரத்து" ஆகறது மாதிரி, "வீடு" "வீட்டு" ஆகறது மாதிரி தான்மா. இன்னாரோட-ன்னு சொல்லும்போது பேரு உருமாறும். ஹெல்கா ஹெல்கு ஆகும், ஆர்னி ஆர்னா ஆகும், சிகுர்துர் சிகுர்தார் ஆகும், யோன் யோன்ஸ் ஆகும். அதுக்கப்புறம் மகன் மகள்ங்கற சொல்லு ஒட்டும். அதனால கடைசி பேர வெட்டி அப்பா பேரக் கண்டுபிடிச்சிடலாம்னு நெனச்சா சில நேரம் ஏமாந்துடுவோம், ஆர்னாசன் அப்பா பேரு ஆர்னா இல்ல, ஆர்னி.

---

வோல்கா_டாக்டர் | திங்கள், இரவு 10:02

ரஷ்யா பக்கம் யாரும் தொடலயே, நான் வர்றேன். ஆறு வருஷம் அங்க எம்பிபிஎஸ் படிச்சேன், வோல்கா கரையில ஒரு ஊர்ல. நம்ம ஊர் பசங்க அங்க நெறைய பேரு, முதல் வாரமே எல்லாரும் மாட்டிக்கற விஷயம் இது.

ரஷ்யப் பேரு மூணு பாகம். சொந்தப் பேரு, அப்பா பேருல இருந்து செஞ்ச பேரு, குடும்பப் பேரு. ஆக இங்க சர்நேமும் இருக்கு அப்பா பேரும் இருக்கு, ஐஸ்லாந்து மாதிரி ஒண்ண விட்டு ஒண்ணு இல்ல. நடுவுல வர்றத ஒத்செஸ்த்வோன்னு சொல்வாங்க, ஒத்யெத்ஸ்னா அப்பா. செர்கேயோட பையன் செர்கேயெவிச், பொண்ணு செர்கேயெவ்னா. த்மீத்ரியோட பொண்ணு த்மீத்ரியெவ்னா. உங்க புரொபசர் மெயில் கீழ இருக்கற மூணு சொல்லுல "வ்னா"ன்னு முடியறது தான் அது. அவங்க எழுத்துல вна.

பாஸ்போர்ட்ல ஏன் காணோம்னா, வெளிநாட்டுப் பயண பாஸ்போர்ட்ல ரஷ்ய எழுத்துல மூணும் இருக்கும், இங்கிலீஷ் எழுத்துல மாத்தும்போது நடு பேர விட்டுட்டு ரெண்ட மட்டும் தான் போடுவாங்க. அதனால விசா, டிக்கெட் எதுலயும் அந்தப் பேரு வராது. நமக்கு அது கிடைக்கற ஒரே இடம் அவங்க மெயில் கையெழுத்து, இல்லன்னா அவங்க யூனிவர்சிட்டி பக்கம்.

ஆனா கூப்பிடறதுக்கு அது தான் முக்கியம். மாணவன் டீச்சர, நோயாளி டாக்டர, வயசுல சின்னவங்க பெரியவங்கள, எல்லாரும் சொந்தப் பேரு பிளஸ் அப்பா பேரு. யெலேனா த்மீத்ரியெவ்னா. நடுவுல சார் மேடம் எதுவும் வேணாம், அந்த ரெண்டு சேந்ததே "மேடம்"க்கு சமம். கோர்பச்சோவ அங்க நேர்ல பாத்தா மிகயீல் செர்கேயெவிச், அவங்க மனைவி ரயீசா மக்சீமவ்னா. யாரும் மிஸ்டர் கோர்பச்சோவ்னு கூப்பிட்டதில்ல.

முதல் வருஷம் அனாடமி வகுப்புல ஒரு பையன் எழுந்து புரொபசர வெறும் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டான், இங்கிலீஷ் படத்துல பாத்த பழக்கம். வகுப்பே அமைதி ஆயிடுச்சு. அவங்க திட்டல. போர்டுக்குப் போயி தன் பேரையும் அப்பா பேரையும் பெருசா எழுதிட்டு, எல்லாரையும் ஒரு தடவ சேந்து வாசிக்கச் சொன்னாங்க. அந்த ரெண்டு சொல்ல இன்னும் நான் மறக்கல. அவசரமா சொல்லும்போது அவங்களே அத சுருக்கிடுவாங்க, அலெக்சாந்தர் அலெக்சாந்த்ரவிச் "சான் சானிச்" ஆயிடுவாரு, பாவெல் பாவ்லவிச் "பால் பாலிச்" ஆயிடுவாரு. காதுல அப்படித்தான் விழும், நாம எழுத்துல அப்படிப் போடக் கூடாது.

எங்க ஹாஸ்டல் பாட்டியம்மா ஒருத்தங்க, எங்க அப்பா பேரு முருகேசன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, நான் பாஸ் பண்ண அன்னைக்கு "முருகேசனோவிச்"னு கூப்பிட்டாங்க. அப்பாவுக்கு போன் போட்டு சொன்னேன், அவரால பேச முடியல.

---

கோடு_கார்த்திக் | செவ்வாய், காலை 9:20

டாக்டர் ப்ரோ, எனக்கு இது கொஞ்சம் பழசா தோணுது. நான் ரஷ்யன் டீம் கூட நாலு வருஷமா வேல பாக்கறேன், சாஃப்ட்வேர். ஒருத்தர் கூட அப்பா பேரு யூஸ் பண்ணல. டைரக்டரே த்மீத்ரி, சில பேரு த்மீமான்னே கூப்பிடறாங்க. ஒரு தடவ நான் கூகுள் பண்ணி ஒருத்தர அப்பா பேரோட கூப்பிட்டேன், "எனக்கு 29 வயசு தான்"னு பதில் வந்துச்சு.

---

வோல்கா_டாக்டர் | செவ்வாய், காலை 10:05

அது த்மீமா இல்ல கார்த்திக், தீமா. த்மீத்ரியோட செல்லப் பேரு தீமா, யெலேனாவுக்கு லேனா, அலெக்சாந்தருக்கு சாஷா. நீங்க சொல்றதும் உண்மை தான், கம்பெனிங்கள்ல, சின்ன வயசுக்காரங்க மத்தியில வெறும் பேரோட "நீங்க" போட்டுப் பேசறாங்க. ஆனா காலேஜ், ஆஸ்பத்திரி, கவர்மெண்ட் ஆபீஸ், இங்கெல்லாம் அப்பா பேரு இல்லாம முடியாது. தேன் அக்கா கூப்பிடப் போறது ஒரு புரொபசர. நீங்களா லேனான்னு ஆரம்பிச்சிடாதீங்க, அது அவங்களா சொன்னாத்தான்.

---

மாதவன்_டிராவல்ஸ் | செவ்வாய், காலை 11:40

நேத்து சொன்ன திருத்தத்துக்கு நன்றி, அப்துல் விஷயத்த எங்க பசங்க கிட்ட சொல்லிட்டேன், மனசு கஷ்டமா இருந்துச்சு இத்தன வருஷம் தப்பா கூப்பிட்டோமேன்னு. ஒரு சந்தேகம். "விச்"னு முடிஞ்சா அப்பா பேருன்னா, அப்ரமோவிச்? செல்சி டீம வாங்கினவரு. அவரு அப்பா பேரு அப்ரமா?

---

வோல்கா_டாக்டர் | செவ்வாய், மதியம் 12:15

நல்ல கேள்வி சார், இங்க தான் நெறைய பேரு வழுக்குவாங்க. அவரு ரோமன் அர்காதியெவிச் அப்ரமோவிச். அப்பா அர்காதி. அப்ரமோவிச் குடும்பப் பேரு. எப்பவோ ஒரு காலத்துல அப்ரமோட மகன்னு ஆரம்பிச்சு அப்படியே உறைஞ்சு போன பேரு அது. ஆம்பளைங்க பேருல விச் மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, மூணையும் சேத்துப் பாக்கணும். பொம்பளைங்க பேருல சுலபம், அப்பா பேரு "வ்னா"ன்னோ "இச்னா"ன்னோ மாறும், விச்சுனு முடியற குடும்பப் பேரு பொண்ணுக்கும் விச்சாவே நிக்கும்.

வரிசையும் பாத்துக்கோங்க. லிஸ்டுலயும் ஃபாரத்துலயும் குடும்பப் பேரு முன்னாடி வரும், ஸ்மிர்னோவா யெலேனா த்மீத்ரியெவ்னான்னு. வாயால கூப்பிடும்போது குடும்பப் பேரு போயிடும். எங்க காலேஜுக்கு வந்த இந்தியத் தூதுக்குழு ஒண்ணு லிஸ்ட்ல கடைசில இருந்தத சர்நேம்னு எடுத்துக்கிட்டு எங்க டீன மிஸ்டர் பெத்ரோவிச்னு நாள் முழுக்க கூப்பிட்டாங்க. பேரு இல்லாம வெறும் அப்பா பேரு மட்டும் சொல்றது கிராமத்துல, பட்டறையில கூட வேல பாக்கற பெரியவர "என்ன பெத்ரோவிச்"னு பாசமா கேக்கறது. அதோட மிஸ்டர சேத்தா அவங்க காதுக்கு ரொம்ப விநோதமா இருக்கும்.

---

ஆயிஷா_காயல் | செவ்வாய், மதியம் 2:30

மோனா மேடத்துக்கு பிள்ளைங்க இருந்தா "உம்மு" வச்சு மூத்த பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிடலாமே? எங்க மச்சான் சவுதில இருக்காரு, அங்க எல்லாரும் அபூ காலித், உம்மு காலித்னு தான் கூப்பிடறாங்களாம், அது தான் உயர்ந்த மரியாதைன்னு சொல்வாரு.

---

பாலையில்_பத்து_வருஷம் | செவ்வாய், மாலை 4:10

உங்க மச்சான் சொல்றது சரி தான்மா, சவுதி, பாலஸ்தீனம், சிரியா பக்கம் அது ரொம்ப அழகான பழக்கம். பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ எல்லாரும் அபூ மாசின்னு தான் சொல்வாங்க, மாசின் அவரு மூத்த பையன். யாசர் அராபத் அபூ அம்மார், அம்மார்னு அவருக்குப் பிள்ளையே இல்ல, அது ஒரு பட்டப் பேரு மாதிரி. ஆனா கெய்ரோ யூனிவர்சிட்டில ஒரு டாக்டரம்மாவ வெளியாளு உம்மு போட்டுக் கூப்பிட்டா வேலையிடத்துக்குப் பொருந்தாது, அங்க அது அக்கம்பக்கத்து வீட்டுப் பேச்சு. டாக்டர் மோனாவே இருக்கட்டும்.

---

ஆயிஷா_காயல் | செவ்வாய், மாலை 4:45

அண்ணே, எனக்கு முழுசா ஒப்பல. அன்பா சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா ஆபீஸ் லெட்டர்ல வேணாங்கறது சரி.

---

குமரேசன்_சேலம் | செவ்வாய், மாலை 6:00

நேத்து தவறா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கணும். ஆனா இதப் படிச்சப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. முன்னாடி தம்மாம்ல வேல பாத்தேன், அப்ப பழைய பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசில இருந்துச்சு. ஐரோப்பா மேனேஜர் என்னைய மூணு வருஷமும் மிஸ்டர் பழனிசாமின்னு எங்க அப்பா பேரச் சொல்லித் தான் கூப்பிட்டாரு. சவுதி ஃபோர்மேன் முதல் நாளே அட்டையப் பாத்துட்டு "குமரேசன், பின் பழனிசாமி"ன்னு கேட்டு, அன்னையில இருந்து குமரேசன் தான். ஏன் அவருக்கு மட்டும் சரியா தெரிஞ்சுதுன்னு இப்ப தான் விளங்குது.

---

தேன்_தூத்துக்குடி | புதன், காலை 11:10

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். பதிவு ஃபாரத்துல `First name`, `Last name`னு ரெண்டு கட்டம் இருந்துச்சு, அதத் தூக்கிட்டு "பாஸ்போர்ட்ல உள்ளபடி முழுப் பேரு"ன்னு ஒரு கட்டம், "உங்கள எப்படிக் கூப்பிடணும்"னு ஒரு கட்டம், அவ்ளோதான். டிக்கெட், ரூமெல்லாம் முதல் கட்டத்துல இருந்து, பேட்ஜும் லெட்டரும் ரெண்டாவதுல இருந்து. ரஷ்யா மேடத்துக்கு டாக்டர் தம்பி சொன்ன மாதிரி யெலேனா த்மீத்ரியெவ்னான்னு ஆரம்பிச்சு எழுதினேன். பதில்ல முதல் வரியே, என் பேர இப்படி எழுதினதுக்கு நன்றின்னு இருந்துச்சு. மோனா மேடத்துக்கு இந்தத் தடவ அட்டையில டாக்டர் மோனா இப்ராஹிம்.

ஒண்ணு மட்டும் இழுத்துக்கிட்டு இருக்கு. எங்க முதல்வர் சார், மேடையில சிக்ரூன்னு வெறும் பேர மைக்ல சொல்ல முடியாது, 58 வயசு விஞ்ஞானி, நம்ம பசங்க முன்னாடி அது அவமரியாதை, டாக்டர் யோன்ஸ்டோட்டிர்னு தான் சொல்வேன்னு ஒரே பிடிவாதம்.

---

நூலக_வாசுகி | புதன், மதியம் 12:40

டாக்டர் சிக்ரூன்னு சொல்லச் சொல்லுங்கம்மா. ஐஸ்லாந்துல அப்படி யாரும் கூப்பிட மாட்டாங்க, ஆனா அவங்க பேரு அவங்க பேராவே இருக்கும், உங்க முதல்வருக்கும் பட்டம் இருக்கும்.

---

கோடு_கார்த்திக் | புதன், மதியம் 1:05

முழுப் பேரா சொல்லிட்டா என்ன? டாக்டர் சிக்ரூன் யோன்ஸ்டோட்டிர்னு. மூணு நாட்டுக்காரங்களுக்கும் மேடையில முழுப் பேரு, நேர்ல அவங்கவங்க முறை.

---

பாலையில்_பத்து_வருஷம் | புதன், மதியம் 1:50

முதல் தடவ முழுப் பேரு சரி. அரை மணி நேரம் கேள்வி பதில் நடக்குமே, ஒவ்வொரு தடவையும் முழுசா சொல்ல வாய் வராது, ரெண்டாவது தடவையே டாக்டர் யோன்ஸ்டோட்டிர்னு வந்துடும். அவங்க கிட்டயே கேட்டுடுங்க தங்கச்சி, அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதியிருக்காங்க?

---

தேன்_தூத்துக்குடி | புதன், மதியம் 2:20

அவங்க ஃபாரம் இன்னும் வரல அண்ணே. வந்ததும் முதல்வர் சார் மேசையில வச்சிடறேன். பேட்ஜ் மட்டும் அச்சுக்குக் குடுக்கணும், இப்படி அடிச்சிருக்கேன், சரியான்னு பாருங்க: `Sigrun`, `Einar`, `Katrin`, கீழ சின்ன எழுத்துல `Jonssdottir`, `Olafsson`, `Einarssdottir`.

---

நூலக_வாசுகி | புதன், மதியம் 2:55

அச்சுக்குக் குடுக்காதீங்க, நிறுத்துங்கம்மா. சன்னுக்கு ரெண்டு s, ஏன்னா யோன்ஸ்ல ஒண்ணு, சன்ல ஒண்ணு. டோட்டிர் d-ல ஆரம்பிக்குது, அதனால ஒரே s தான். மேல கோடும் போடணும், அந்தக் கோடு இருந்தா வேற எழுத்து அவங்களுக்கு. டிக்கெட்ல கோடு இல்லாம வரும், அது பரவால்ல. பேட்ஜ்ல இப்படி: `Sigrún Jónsdóttir`, `Einar Ólafsson`, `Katrín Einarsdóttir`. எய்னாருக்கு மட்டும் கோடு கிடையாது.